முன்னே தமிழ், பின்னே வேதம்: காவிரிக் கரையில் பக்திப் பாடல்கள் சடங்குப் படிநிலையை எதிர்கொண்ட கதை

திருவரங்கத்தில் நம்பெருமாள் வீதிப் புறப்பாடு காணும்போது, பெருமாளுக்கு முன்னால் ஒரு கூட்டம் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களைச் சொல்லிக்கொண்டு செல்லும். பின்னால் மற்றொரு கூட்டம் வேதத்தை ஓதிக்கொண்டு வரும். தென்னிந்திய வைணவக் கோயில்கள் பலவற்றிலும் இதுவே முறை. ஒரு காலத்தில் வேத ஒலிக்கு இணையாக எதையும் வைக்க முடியாது என்று கருதிய ஒரு சமூகத்தில், தமிழ்ப் பாட்டு இறைவனுக்கு முன்னால் நடக்கும் உரிமையைப் பெற்றது எப்படி என்பதும், அந்தப் பாட்டின் சொல் எவ்வளவு தூரம் செயலானது என்பதும் பக்தி இயக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள். இந்தியா முழுவதும் பரவிய அந்த இயக்கத்தின் பெரிய வரலாற்றை விட்டுவிட்டு, அதன் தொடக்க நிலங்களுள் ஒன்றான காவிரிப் படுகையை மட்டும், அதிலும் பெரும்பாலும் திருவரங்கத்தைச் சுற்றி மட்டும், இங்கே பார்க்கலாம்.

முதலில், சடங்குப் படிநிலை என்றால் என்ன? பிறப்பை அளவுகோலாக வைத்து, யார் எந்தப் புனிதச் சொல்லை உச்சரிக்கலாம், யார் அதைக் காதால் கேட்கலாம், யார் தெய்வத் திருமேனியைத் தொடலாம், மற்றவர் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று வகுத்த ஏற்பாடே அது. வேதம் ஓதும் உரிமை பூணூல் அணியும் குலத்தாருக்கு மட்டும் உரியதாக இருந்தது. பிறர் அதைக் கேட்பதைக்கூடத் தரும சாத்திர நூல்கள் தடுத்தன. காவிரிப் படுகையில் இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருக்கவில்லை. பல்லவரும் சோழரும் அந்தணர்களுக்கு வழங்கிய ஊர்கள் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றன. நன்செய் நிலமும், வாய்க்கால் நீரில் பங்கும், ஊர்ச் சபையில் இடமும் அவற்றோடு சேர்ந்து வந்தன. ஆகவே இங்கே ‘நான்கு வேதம் கற்றவர்’ என்பது கல்வித் தகுதியைக் குறித்ததோடு, நிலத்தையும் அதிகாரத்தையும் சேர்த்துச் சுட்டியது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஆழ்வாரும் நாயன்மாரும் சதுர்வேதிகளை நோக்கிச் சொன்ன சொற்களின் கூர்மை விளங்கும்.

ஆழ்வார்களும் நாயன்மார்களும் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையே வாழ்ந்தவர்கள். அவர்களுள் தொண்டரடிப்பொடி ஆழ்வாரை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துப் பக்கம் உள்ள திருமண்டங்குடியில் அந்தணர் குடும்பத்தில் பிறந்து, விப்பிரநாராயணர் என்ற பெயரோடு திருவரங்கம் வந்து, அங்கே நந்தவனம் வைத்து, மாலை கட்டிக் கொடுத்து வாழ்ந்தவர் என்பது மரபு. அவர் பாடிய திருமாலை 45 பாசுரங்கள் கொண்டது. ‘திருமாலை அறியாதார் திருமாலையே அறியாதார்’ என்று வைணவர்கள் இன்றும் சொல்வதுண்டு; அந்த அளவுக்கு அது எல்லாருக்கும் நெருக்கமான நூல்.

அதன் 25ஆம் பாசுரத்தில் அவர் தம்மைப் பற்றியே ஒரு செய்தி சொல்கிறார்: ‘குளித்து மூன்று அனலை ஓம்பும் குறிகொள் அந்தணமை தன்னை ஒளித்திட்டேன்.’ நாள்தோறும் நீராடி மூன்று வேள்வித் தீயைக் காக்கும் அந்தணத் தன்மையை நான் தொலைத்துவிட்டேன் என்பது பொருள். அடுத்து, உன்னிடத்தில் எனக்குப் பக்தியும் இல்லை என்கிறார். பிறப்பால் வந்த தகுதியும் இல்லை, முயன்று சேர்த்த தகுதியும் இல்லை என்று இரண்டையும் கீழே வைத்துவிட்டு அருளை மட்டும் கேட்கிற குரல் இது. தீ வளர்ப்பவரின் குடும்பத்தில் பிறந்த ஒருவர், அந்தத் தகுதியை இழந்ததைக் கோயில் வாசலில் நின்று, ஊரார் அனைவருக்கும் புரியும் மொழியில் அறிவிப்பது சிறிய காரியமன்று.

42ஆம் பாசுரத்தில் அவர் தம்மை விட்டு ஊரைப் பார்க்கிறார்:

பழுதிலா ஒழுகல் ஆற்றுப் பலசதுப் பேதி மார்கள்
இழிகுலத் தவர்க ளேலும் எம்மடி யார்க ளாகில்
தொழுமின்நீர் கொடுமின் கொள்மின் என்றுநின் னோடு மொக்க
வழிபட அருளி னாய்போன்ம் மதிள்திரு வரங்கத் தானே

குற்றமற்ற ஒழுக்கத்தை வழிவழியாகக் கொண்ட சதுர்வேதிகளே, இழிகுலத்தவர் என்று நீங்கள் சொல்பவராக இருந்தாலும் அவர் என் அடியாரானால் அவரைத் தொழுங்கள், அவருக்குக் கொடுங்கள், அவரிடமிருந்து கொள்ளுங்கள்; என்னை வழிபடுவதைப் போலவே அவரையும் வழிபடுங்கள் என்று அரங்கனே ஆணையிட்டதாக ஆழ்வார் சொல்கிறார். இதில் மூன்று வினைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். தொழுதல் என்பது தலை தாழ்த்துவது; யார் யாருக்குத் தலை தாழ்த்துவது என்பதில்தான் படிநிலை வெளிப்படையாகத் தெரியும். கொடுப்பதை மட்டும் சொல்லியிருந்தால் அது தருமமாகப் போயிருக்கும். மேலிருப்பவர் கீழிருப்பவருக்குக் கொடுப்பதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை. கொள்ளுங்கள் என்ற சொல்தான் உறுத்துகிறது. தீட்டு என்ற கருத்து முழுவதும் யார் கையிலிருந்து எதை வாங்கக் கூடாது என்ற விதியின் மேல்தான் நிற்கிறது. உரைகாரர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஞானத்தைக் கொடுப்பதும் ஞானத்தைப் பெறுவதும் என்று விளக்கினார்கள். அதுவும் துணிச்சலான விளக்கமே. ஆயினும் கைக்குக் கை மாறும் எதையும் குறிக்கக்கூடிய பாசுரச் சொல்லை அது ஓரளவு குறுக்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த பாசுரம் இன்னும் கடுமையானது. ஆறு அங்கங்களையும் நான்கு வேதங்களையும் ஓதித் தம்மவருள் தலைவராக விளங்கும் அந்தணரே ஆனாலும், உன் அடியாரைக் குலம் சொல்லிப் பழித்தால், ‘நொடிப்பதோர் அளவில் ஆங்கே அவர்கள்தாம் புலையர் போலும்’ என்கிறது அது. பழித்த அந்த நொடியிலேயே, பழித்த அந்த இடத்திலேயே அவர்தாம் புலையர். பிறப்பால் நிலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை, ஒரு செயலால் நொடியில் ஏற்படும் ஒன்றாக ஆழ்வார் மாற்றிவிடுகிறார். இங்கே ஒரு வரம்பும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘புலையர்’ என்ற சொல் இந்தப் பாட்டிலும் வசையாகவே நிற்கிறது. ஏணியில் நிற்பவர்களின் இடத்தைப் பாட்டு மாற்றுகிறதே தவிர, ஏணியை எடுத்துவிடவில்லை.

சைவப் பக்கத்திலும் இதே குரல் உண்டு. பசுவை உரித்துத் தின்று திரியும் புலையராக இருந்தாலும், கங்கையைச் சடையில் கரந்தவருக்கு அன்பர் என்றால் ‘அவர்கண்டீர் நாம்வணங்கும் கடவுளாரே’ என்று பாடினார் அப்பர். ‘கங்கை ஆடில்என் காவிரி ஆடில்என்’ என்று புனித நீராடலையே கேள்வி கேட்டவரும் அவரே. காவிரியில் முழுக்குப் போடுவதைப் பாவம் போக்கும் வழியாகக் கருதும் ஒரு நிலத்தில், அந்த ஆற்றின் பெயரைச் சொல்லியே இதைப் பாடினார்.

இந்த எதிர்ப்பில் மொழிக்கு என்ன பங்கு? தமிழில் பாடியதாலேயே கருத்து புரட்சியாகிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. திருமாலையின் 42ஆம் பாசுரத்துக்கு ஏறத்தாழ நேர் பொருளுள்ள ஒரு வடமொழிச் சுலோகம் கருட புராணத்தில் உண்டு என்று வைணவ ஆசிரியர்களே எடுத்துக்காட்டுவார்கள். பிறகுலத்துப் பக்தனுக்குக் கொடுக்கலாம், அவனிடமிருந்து கொள்ளலாம், அவன் என்னைப் போலவே பூசிக்கத்தக்கவன் என்று அதிலும் இறைவனே சொல்கிறான். ஆனால் அந்தச் சுலோகத்தைக் கேட்டு வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு, அதனால் பயன்பெற வேண்டியவருக்கு மிகக் குறைவு. தமிழ்ப் பாசுரத்தை வயலில் நாற்று நடுபவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அதைச் சொல்லவோ கேட்கவோ குலத் தகுதி வேண்டும் என்று எந்தப் பழைய சாத்திரமும் விதித்திருக்கவில்லை. பழிக்கப்பட்டவர், பழித்தவரின் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு சான்று தமிழால் கிடைத்தது. மொழி செய்த வேலை இதுதான்.

பாட்டுக்குச் செல்வாக்கு வந்தபின் கோயிலும் அரசும் அதை உள்ளே அழைத்துக்கொண்டன. காட்டுமன்னார்கோயில் என்று இன்று நாம் அழைக்கும் வீரநாராயணபுரத்தைச் சேர்ந்த நாதமுனிகள், ஆழ்வார் பாசுரங்களைத் திரட்டி நாலாயிரமாகத் தொகுத்து, இசையோடு ஓத ஏற்பாடு செய்தார் என்பது வைணவ மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரத் திருப்பதிகம் பாடுவதற்கு 48 பிடாரர்களையும், அவர்களுக்குத் துணையாக இரண்டு கருவி வாசிப்போரையும் இராசராசன் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் கொடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பரின் பாட்டு இப்படி அரசுச் சம்பளத்தோடு கருவறைக்கு முன் ஒலித்தது.

அதே கோயிலின் மற்றக் கல்வெட்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு ஊரிலும் வரி விலக்குப் பெற்ற இடங்களைக் கழிக்கும்போது, ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. வெள்ளாளருக்கு ஒரு சுடுகாடு, பறையருக்கு ஒரு சுடுகாடு என்று தனித்தனியாகவும் குறித்திருக்கிறார்கள். ‘அவர்கண்டீர் நாம்வணங்கும் கடவுளாரே’ என்று உள்ளே ஒருவர் பாட, அந்தப் பாட்டுக்கு நெல் அளந்த ஊரில் ‘அவர்’ குடியிருந்த இடத்துக்குத் தீண்டாச்சேரி என்று பெயர் இருந்தது. பாட்டு கோயிலுக்குள் போயிற்று. பாட்டில் வருகிறவர் போகவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவைதான் அடியார் கதைகள். பக்தி இலக்கியத்தைப் புதிதாகப் படிப்பவர் பாட்டையும் கதையையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு வேலை செய்பவை. திருப்பாணாழ்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட பாணர் குலத்தில் உறையூரில் வளர்ந்தவர், காவிரியின் தென்கரையில் நின்று தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்தார், தண்ணீர் எடுக்க வந்த உலோகசாரங்க முனிவர் வழிவிடவில்லை என்று அவர்மேல் கல்லெறிந்தார், அரங்கனின் திருமேனியில் குருதி வழிந்தது, பெருமாளின் ஆணைப்படி முனிவர் ஆழ்வாரைத் தம் தோள்மேல் சுமந்துகொண்டு கருவறைக்குப் போனார் என்பது கதை. ஆழ்வாருக்கு முனிவாகனர் என்ற பெயரும் இதனால் வந்தது. கதையைக் கேட்கும் யாருக்கும் யார் பக்கம் நியாயம் என்பதில் ஐயம் இருக்காது.

ஆனால் திருப்பாணாழ்வார் பாடிய பத்தே பாசுரங்களில் இவை எதுவும் இல்லை. கல்லும் இல்லை, தோளும் இல்லை, தம் குலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. திருவடியில் தொடங்கி, ஆடை, உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கண் என்று அரங்கனின் திருமேனியை ஒவ்வோர் உறுப்பாகக் கண்டு மேலே செல்கிறார். ‘என் அமுதினைக் கண்ட கண்கள் மற்றொன்றினைக் காணாவே’ என்று முடிக்கிறார். தொலைவில் நிறுத்தி வைக்கப்பட்டவர் என்று கதை சொல்லும் ஒருவரின் பாட்டில், மிக அருகில் நின்று பார்ப்பவனின் கண் இருக்கிறது. அனுமதி கேட்கும் குரல் எங்கும் கேட்கவில்லை. கதையோ அவரைக் கோயிலுக்குள் கொண்டுபோக ஓர் அந்தணரின் தோளைத் தேடுகிறது; அவர் தம் கால்களால் நடந்து உள்ளே போவதாகச் சொல்லவில்லை.

திருநாளைப் போவார் என்றும் அழைக்கப்படும் நந்தனாரின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். திருத்தொண்டத் தொகையில் சுந்தரர் அவருக்குக் கொடுத்த இடம் ‘செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்’ என்ற ஒரே தொடர். அதில் நிபந்தனை எதுவும் இல்லை. அந்தணரான சுந்தரர் அவருக்கு அடியேன் என்கிறார், அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கொள்ளிடக் கரை ஆதனூரையும் அதன் புலைப்பாடியையும் நேரில் கண்டாற்போல் விரித்துப் பாடினார். கோழிக்குஞ்சு மேயும் முற்றமும் காயும் தோலும் அதில் உண்டு. ஆனால் தில்லையில் நந்தனார் தீயில் மூழ்கி, மார்பில் வெண்ணூல் விளங்கும் முனிவராக எழுந்த பிறகே உள்ளே செல்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனாரை வாட்டும் வேதியர் பண்ணையாரைக் கதைக்குள் சேர்த்தார். நம்மில் பலர் அறிந்த அந்தப் பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை. பாட்டு, புராணம், கீர்த்தனை என்று ஒரே அடியார் மூன்று காலத்தில் மூன்று விதமாக நிற்பதை வைத்துப் பார்த்தால், எதிர்ப்பு எந்த இடத்தில் கூர்மையாகவும் எந்த இடத்தில் மழுங்கியும் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அடியார் உள்ளே போவதற்கு முன் தம் பிறப்பை எரித்துக்கொள்ள நேர்ந்தால், அங்கே விதி வென்றுவிட்டது என்று கொள்ளலாம்.

பாசுரம் வெறும் பாட்டாக நில்லாமல் நடைமுறைக்கு ஆதாரமாக எடுத்தாளப்பட்டதும் உண்டு. இராமானுசரின் ஆசிரியர்களுள் ஒருவரான பெரிய நம்பி திருவரங்கத்தில் செய்ததாக வைணவ நூல்கள் சொல்லும் செயல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இராமானுசருக்கு முந்தைய வைணவ ஆசாரியரான ஆளவந்தாரின் சீடர் மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் இறந்தபோது, உயர்ந்த வைதிகர்களுக்கு மட்டும் உரியதென்று கருதப்பட்ட பிரம்மமேத முறையில் பெரிய நம்பி அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார். சுடுகாட்டையே சாதிவாரியாகப் பிரித்த ஒரு காலத்தில் இது என்ன கொந்தளிப்பை உண்டாக்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். இராமானுசர் வந்து காரணம் கேட்டபோது பெரிய நம்பி திருப்பிக் கேட்ட கேள்விகளை மரபு காத்து வைத்திருக்கிறது. சடாயுவுக்குச் சடங்கு செய்த இராமனைவிட நான் உயர்ந்தவனோ? அந்தப் பறவையைவிட இவர் தாழ்ந்தவரோ? இப்படிக் கேட்டுவிட்டு, கடைசியில், ‘பயிலும் சுடரொளி’யும் ‘நெடுமாற்கு அடிமை’யும் கடலோசையோ என்றார்.

இவை இரண்டும் நம்மாழ்வாரின் திருவாய்மொழிப் பதிகங்கள். முதலாவதில், நான்கு சாதிகளுக்கும் கீழே மிக இழிந்த சண்டாளரே ஆனாலும் திருமாலுக்கு ஆள் என்று உள்ளம் கலந்தவரின் ‘அடியார் தம் அடியார் எம் அடிகளே’ என்று நம்மாழ்வார் பாடுகிறார். நாள்தோறும் ஓதுகிறோமே, அது பொருளற்ற இரைச்சலா, இல்லை நாம் நடக்க வேண்டிய வழியா என்பதுதான் பெரிய நம்பியின் கேள்வி. சாத்திரத்தை மேற்கோள் காட்டி எழுப்பிய குற்றச்சாட்டுக்குத் தமிழ்ப் பாசுரத்தை மேற்கோள் காட்டி விடையளித்தார் என்பதே இதில் புதுமை. தமிழ் வேதம் என்பதைப் புகழ்ச்சியாக மட்டும் கொள்ளாமல், வேதத்துக்குள்ள அதிகாரத்தோடு அதை அவர் கையாண்டார்.

இந்தக் கேள்விக்கு அவருக்குப் பின்வந்த ஆசாரியர்கள் ஒரே விடை சொல்லவில்லை. திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர், அடியாருடைய சாதியை ஆராய்வது தாயின் கற்பைச் சோதிப்பதற்கு ஒப்பான குற்றம் என்ற கருத்தை ஸ்ரீவசன பூஷணத்தில் எழுதினார். வேதாந்த தேசிகரோ, அடியார் எக்குலத்தவராயினும் போற்றத்தக்கவரே, ஆயினும் சாதி உடலோடு உள்ளவரை நீங்காது, தெய்வப் பசுவும் பசு இனமே அன்றோ என்ற வகையில் வாதிட்டார். இத்தனைக்கும் திருப்பாணாழ்வாரின் பத்துப் பாசுரங்களுக்கு முனிவாகன போகம் என்ற அருமையான உரையை எழுதியவர் அவரே. அவருடைய பக்தியில் குறை சொல்ல முடியாது. மரியாதையை ஒப்புக்கொண்டு, உரிமையைத் தனியே நிறுத்திவைப்பது அவருடைய நிலை. பிற்காலத்தில் கோயில்களில் பெரும்பாலும் நிலைத்தது அந்த நிலைதான். பாசுரம் சொல்லும் கோஷ்டியிலும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் அந்தணர்களே இடம்பெற்று வந்திருக்கிறார்கள்.

கோயில் கதவு திறந்தது பாட்டால் அன்று, சட்டத்தால்: சென்னை மாகாணத்தில் 1939இல் ஒரு சட்டமும், 1947இல் அதனினும் விரிவான கோயில் நுழைவுச் சட்டமும் வந்தன. அருச்சகர் பணியின் பரம்பரை உரிமையை நீக்கத் தமிழ்நாடு அரசு 1970இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது; அது நீதிமன்றங்களில் நீண்ட வழக்குகளைக் கண்டு, பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அருச்சகர்களுக்கு 2021இல்தான் ஒரு தொகுதியாகப் பணி ஆணை கிடைத்தது. திருமேனியைத் தொடுவது யார் என்பதைப் பற்றிய அந்த வாதங்களில் ஒரு தரப்பு ஆகமத்தைக் காட்டும்போது, மறுதரப்பு மேடைகளிலும் கட்டுரைகளிலும் நந்தனாரையும் திருப்பாணாழ்வாரையும் காட்டியது. நீதிமன்றத்தில் எடை பெற்றதோ பெரும்பாலும் ஆகமமும் அரசியல் சாசனமும்தான்.